ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரம்: பணிக்காலம், கிரேடு, சலுகைகள் பற்றித் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

"ஏப்ரல் 1 முதல் நிரந்தரம் என்று ஆணை கொடுத்திருக்கிறார்கள். ஐந்தரை வருடமாக இதே லைனில்தான் வேலை செய்கிறேன். அந்த ஐந்தரை வருடம் என்ன ஆயிற்று?"

அது எங்கும் போய்விடவில்லை. ஆணையில் இருக்கும் தேதி எல்லாவற்றுக்கும் தொடக்கத் தேதி அல்ல. ஒரே தொழிலாளிக்குப் பணிக்கொடை ஒரு தேதியிலிருந்து எண்ணப்படும், ஓய்வூதியம் வேறொரு தேதியிலிருந்து, பணிமூப்பு மூன்றாவது தேதியிலிருந்து. நிர்வாகம் ஒற்றைத் தேதியை அச்சடித்துக் கொடுத்ததும் நாமும் அதையே எல்லாவற்றுக்கும் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். நிரந்தரமாகும் சமயத்தில் தொழிலாளி இழப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கற்பனைத் தொழிலாளியை வைத்துக்கொள்வோம். ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அவர் 2017 ஜூன் 1 அன்று ஒப்பந்ததாரர் மூலம் உள்ளே வந்தார். 2020 செப்டம்பர் 1 அன்று கம்பெனியே தன் மஸ்டரில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்த்து டோக்கன் எண் கொடுத்தது. தினக்கூலி இப்போது 650 ரூபாய். 2026 ஏப்ரல் 1 முதல் நிரந்தரம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இவருடையவை.

"480 நாள் முடித்தால் நிரந்தரம் என்று சட்டமே இருக்கிறதாமே? அதை எப்படி எண்ணுவது?"

தமிழ்நாட்டில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம், 1982 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாவது பிரிவு. ஆலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, பீடி நிறுவனம், கடை, உணவகம் எல்லாம் இதற்குள் வரும். பதிலித் தொழிலாளியும், அதாவது பத்லியும் சேர்த்திதான். கட்டடம், பாலம், சாலை, அணை போன்ற கட்டுமானப் பணியில் இருப்பவர்களும் பருவகால நிறுவனங்களில் இருப்பவர்களும் இதற்குள் வரமாட்டார்கள்.

"தொடர்ச்சியாக" என்றால் ஒரு நாளும் விடாமல் என்று பொருளில்லை. உடல்நலக் குறைவு, அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோனது ஆகியவற்றால் விழும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது. வாரவிடுமுறையையும் ஊதியத்துடன் கூடிய பண்டிகை விடுமுறையையும் எண்ணலாமா என்பதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் எப்போதும் இழுபறி நடக்கும். ஆட்குறைப்பு வழக்குகளில் வரும் 240 நாள் கணக்கில் அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் சொன்னது. 480 நாள் கணக்கிலும் தொழிலாளர் தரப்பு அந்தத் தீர்ப்பைத்தான் காட்டும்.

நம் ஆளுக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. மாதம் சராசரியாக 24 நாள் வேலைக்கு வந்திருக்கிறார். 2020 செப்டம்பரிலிருந்து 20 மாதம், பெருக்கினால் 480. ஞாயிற்றுக்கிழமைகளைத் தொடாமலே 2022 ஏப்ரல் முடிவில் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. சட்டப்படி அவர் நிரந்தரமாகியிருக்க வேண்டிய நாள் 2022 மே 1. கம்பெனி ஆணை கொடுத்ததோ ஏறத்தாழ நான்கு ஆண்டு கழித்து. இந்த இடைவெளியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிரேடும் பணிமூப்பும் இதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

"ஒப்பந்ததாரரிடம் இருந்த மூன்று வருடமும் இந்த 480ல் சேருமா?"

எளிதில் சேராது. காகிதத்தில் அந்தக் காலத்து முதலாளி ஒப்பந்ததாரர். ஒப்பந்தமே வெறும் திரை, உண்மையில் வேலை வாங்கியது கம்பெனிதான் என்று நிரூபித்தால் மட்டுமே அந்த ஆண்டுகளைக் கம்பெனியின் தலையில் ஏற்ற முடியும். உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு 2001ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் வகுத்த நிலை இது. ஒப்பந்த முறையை அரசு தடை செய்தாலும் தொழிலாளி தானாகக் கம்பெனியின் ஆளாகிவிட மாட்டார். ஆனால் ஒப்பந்தம் போலி என்று தொழில் தீர்ப்பாயம் கண்டால் அவர் ஆரம்பத்திலிருந்தே கம்பெனியின் ஆள்.

போலியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. ஷிப்ட் போட்டது யார்? விடுப்புச் சீட்டில் கையெழுத்திட்டது கம்பெனி சூப்பர்வைசரா, ஒப்பந்ததாரரின் ஆளா? தவறு நடந்தபோது மெமோ கொடுத்தது யார்? ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறியும் நீங்கள் அதே மெஷினில் நின்றீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் வழக்குக்கு நல்ல உயிர் இருக்கிறது. இதையெல்லாம் சாட்சியம் வாங்கி முடிவு செய்ய வேண்டியது தொழிலாளர் நீதிமன்றமோ தீர்ப்பாயமோதான். ஆய்வாளரிடம் மனுக்கொடுத்து முடிகிற விஷயமல்ல.

"புது ஆணை வாங்க வேண்டுமானால் முதலில் ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?"

யாருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்பந்ததாரரிடம் இருந்து கம்பெனிக்கு மாறும்போது ஒப்பந்ததாரருக்கு விலகல் கடிதம் கொடுப்பது இயல்பு. அதில் பெரிய நஷ்டமில்லை, நிலுவைச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆனால் போலி ஒப்பந்தம் என்று வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் சங்கத்தையோ வழக்கறிஞரையோ பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கம்பெனியின் மஸ்டரிலேயே இருப்பவரிடம் அதே கம்பெனி ராஜினாமா கேட்டால் அதற்கு ஒரே காரணம்தான். பழைய பணிக்காலத்துக்குப் பூட்டுப் போடுவது. மார்ச் 28 அன்று விலகியதாகவும் ஏப்ரல் 1 அன்று புதிதாகச் சேர்ந்ததாகவும் காகிதம் தயாராகும். நடுவில் விழும் அந்த மூன்று நாள்தான் பூட்டு. தற்காலிகத்திலிருந்து நிரந்தரம் என்பது ஒரே வேலை உறவுக்குள் நடக்கும் நிலைமாற்றம், அதற்கு ராஜினாமா தேவையே இல்லை.

பெரும்பாலும் தனியாக எதிர்த்து நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முன்னால் பேனாவை வைத்து, "கையெழுத்துப் போட்டால் ஆணை, இல்லையென்றால் வெளியே" என்பார்கள். அப்படி வந்தால் கடிதத்தின் வாசகத்தையாவது மாற்றப் பாருங்கள். "ராஜினாமா செய்கிறேன்" என்பதற்குப் பதில் "நிரந்தரப் பணி ஆணையை ஏற்று, தற்காலிகப் பணியிலிருந்து நிரந்தரப் பணிக்கு மாறுகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். கடிதத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மார்ச் மாதச் சம்பளச் சீட்டிலும் ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டிலும் அதே வருங்கால வைப்பு நிதி உறுப்பினர் எண் ஓடினால் அந்த ராஜினாமா வெறும் சடங்கு என்று வாதாட இடமிருக்கிறது.

"பணிக்கொடை எந்தத் தேதியிலிருந்து? இதுவரைக்குமான கிராஜுவிட்டியைக் கொடுத்து முடித்துவிடுகிறோம் என்கிறார்களே, நல்லதுதானே?"

பணிக்கொடைக்குத் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதம் கிடையாது. கம்பெனி உங்களை நேரடியாக வேலைக்கு வைத்த நாள்தான் தொடக்கம், நடுவில் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு அது 2020 செப்டம்பர் 1. "முந்தைய பணிக்கும் இந்த நியமனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை" என்று ஆணையில் ஒரு வரி இருக்கும். பணிக்கொடையைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பில்லை. சட்டம் தருவதைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது.

இனிக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த கடைசி மாத ஊதியத்தை எடுத்து 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதுவும் முழு ஆண்டு. இவர் 2040 ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு பெறுகிறார், அன்றைக்கு ஊதியம் 39,000 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 22,500 ரூபாய்.

2020 செப்டம்பரிலிருந்து எண்ணினால் 20 ஆண்டு, 4,50,000 ரூபாய். 2026 ஏப்ரலிலிருந்து எண்ணினால் 14 ஆண்டு 5 மாதம், ஐந்து மாதம் உதிர்ந்துபோய் 14 ஆண்டு, 3,15,000 ரூபாய். வித்தியாசம் 1,35,000.

இப்போதே கொடுத்து முடித்தால் என்ன கிடைக்கும்? ஐந்து ஆண்டு ஏழு மாதம், அதாவது ஆறு ஆண்டு. தினக்கூலி 650ஐ 15 நாளால் பெருக்கினால் 9,750. ஆறு ஆண்டுக்கு 58,500 ரூபாய். நிர்வாகத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த 58,500ஐத் தொடாமல் 6 சதவீதக் கூட்டு வட்டியில் 14 ஆண்டு போட்டு வைத்தால் ஏறக்குறைய 1,32,000 ஆகும். அப்படிப் பார்த்தால் பெரிய மோசடியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பணம் தொடாமல் இருக்காது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கே போய்விடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய ஆபத்து வேறு. கணக்கை முடித்துவிட்டால் ஐந்து ஆண்டுத் தகுதிக்காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிட்டதாகச் சொல்வார்கள். 2029ல் அவர் ஏதோ காரணத்தால் வேலையை விட்டால், புதுக் கணக்கில் மூன்று ஆண்டுதான், பணிக்கொடையே இல்லை என்பார்கள். இறப்புக்கும் உடல் ஊனத்துக்கும் அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது.

எனவே என் யோசனை, வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் "பணித்தொடர்ச்சிக்குப் பாதகமின்றி, முன்பணமாக" என்ற சொற்களோடு வாங்குங்கள்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தவை இரண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஐந்து ஆண்டு தேவையில்லை, ஓர் ஆண்டு போதும். அடுத்தது, வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியை ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சுண்டைக்காய் அளவு வைத்துவிட்டுப் படிகளாகவே கொடுத்து வந்த கம்பெனிகளுக்கு இதுதான் தலைவலி.

"பழைய ஒப்பந்ததாரர் காலத்துப் பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா? நிரந்தரமான பிறகு புதுக் கணக்குத்தானே?"

எடுக்காதீர்கள், மாற்றுங்கள். யு.ஏ.என். ஒன்றுதான், அதற்குக் கீழே ஒவ்வொரு முதலாளிக்கும் ஓர் உறுப்பினர் எண் இருக்கும். பழைய எண்ணில் இருப்பதைப் படிவம் 13 வழியாக, இணையத்திலேயே, இப்போதைய எண்ணுக்கு மாற்றலாம்.

பணத்தைவிட முக்கியம் ஓய்வூதியப் பணிக்காலம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு வேண்டும், அந்தப் பத்து ஆண்டு ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. இங்கே ஒப்பந்ததாரர் காலமும் முழுதாகச் சேரும். நம் தொழிலாளி மாற்றிக்கொண்டால் அவருடைய பத்து ஆண்டு 2027 மே மாதத்தோடு நிறைந்துவிடும். 2020ல் படிவம் 10சி போட்டு ஓய்வூதியப் பங்கை எடுத்திருந்தாரானால் அந்த மூன்றேகால் ஆண்டு அழிந்துபோய், பத்து ஆண்டு நிறைய 2030 ஆகஸ்ட் ஆகும். சில ஆயிரம் ரூபாய்க்காக மூன்று ஆண்டு ஓய்வூதியத்தைக் கொடுத்துவிடும் வேலை இது.

மாற்ற மனு நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் தேதியில்தான். ஒப்பந்ததாரர் விலகிய தேதியைப் பதிவே செய்திருக்க மாட்டார், அல்லது 2020 செப்டம்பர் 15 என்று போட்டிருப்பார். கம்பெனி சேர்ந்த தேதியோ செப்டம்பர் 1. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்ததாகத் திரையில் தெரியும், மனு நின்றுவிடும். உறுப்பினர் தளத்தில் `View > Service History` பகுதிக்குப் போய் முதலில் இந்தத் தேதிகளைப் பாருங்கள். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கடந்திருக்கும் பட்சத்தில், `Manage > Mark Exit` வழியாக நீங்களே பதிவு செய்யலாம். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் ஊரைவிட்டே போய்விடுவதற்குள் செய்துவிடுங்கள்.

பாஸ்புக்கில் சில மாதங்கள் காலியாக இருந்தால், அதாவது சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், ஒப்பந்ததாரரோடு நிற்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தாவுக்கு முதன்மை முதலாளியான கம்பெனியும் பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தில் நிரந்தர ஆணை தரும் சமயம்தான் பேரத்துக்கு நல்ல சமயம்.

"சம்பளம் கூடியதும் இ.எஸ்.ஐ. போய்விடுமாமே? அம்மாவுக்கு அங்கேதான் மருந்து வாங்குகிறோம்."

ஊதியம் 21,000ஐத் தாண்டினால் போகும், ஆனால் எப்போது போகும் என்பது ஆணையின் தேதியைப் பொறுத்தது. இதைப் பெரும்பாலான மனிதவளத் துறைகளே கவனிப்பதில்லை.

இ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச் என்று இரண்டு. சந்தாக் காலம் தொடங்கிய பிறகு ஊதியம் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை நீங்கள் உறுப்பினர்தான். சந்தாவும் கட்ட வேண்டும். தொடங்கும் நாளிலேயே தாண்டியிருந்தால் அன்றே வெளியே.

நம் தொழிலாளியின் புதுச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமே 22,000. ஆணை ஏப்ரல் 1 முதல் என்பதால் ஏப்ரலிலிருந்தே சந்தா கிடையாது. மார்ச்சோடு முடிந்த சந்தாக் காலத்துக்கான பயன்காலம், அதாவது அந்தச் சந்தாவுக்கு மருத்துவ வசதி கிடைக்கும் காலம், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. ஆக, மருத்துவ வசதி 2026 டிசம்பரோடு முடியும். அதே ஆணை மே 1 முதல் என்று இருந்திருந்தால் செப்டம்பர் வரை சந்தா ஓடியிருக்கும், அதற்கான பயன்காலம் 2027 ஜூன் வரை நீண்டிருக்கும். ஒரு மாதம் தள்ளியதற்கு அரை ஆண்டு மருத்துவம். வீட்டில் நீண்டகால நோயாளி இருப்பவருக்கு அந்த ஒரு மாதச் சம்பள உயர்வைவிட இது பெரிது. சிலருக்கு அது சரிவராது, உயர்வே முக்கியம் என்பார்கள். எதுவானாலும் தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டை இ.எஸ்.ஐ.க்குச் சமமாக நினைக்க வேண்டாம். காப்பீட்டில் ஆண்டுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கும். புறநோயாளி மருந்து பெரும்பாலும் வராது. பெற்றோரைச் சேர்க்கத் தனிப் பிரீமியம் கேட்பார்கள். ஆணையில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "அம்மா அப்பா உள்ளே வருவார்களா?" என்பதுதான்.

"ஒன்பது வருட அனுபவம் இருந்தும் கடைசி கிரேடில் போட்டிருக்கிறார்கள். நேற்று வந்த டிப்ளமோ பையனுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்."

இங்கேதான் சட்டம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது. நிரந்தரமாக்கு என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த கிரேடில், என்ன அடிப்படைச் சம்பளத்தில் என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் நிலையாணைகளும் ஊதிய ஒப்பந்தமும்தான். ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டிய காகிதம் கடைசியாகப் போட்ட ஊதிய ஒப்பந்தம்.

அதில் மூன்று விஷயம் தேடுங்கள். நுழைவு கிரேடு எது, முந்தைய பணிக்கு இன்கிரிமெண்ட் உண்டா, அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்துமா என்பன. கடைசிக் கேள்வி விநோதமாகத் தோன்றலாம். சமரச அதிகாரி முன்னிலையில் போட்டது, பேச்சுவழக்கில் "12(3)" என்பது, எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும், பிறகு சேருபவர்களுக்கும்கூட. நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட "18(1)" கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே கட்டும். நீங்கள் அந்தச் சங்கத்தில் இல்லையென்றால் அதன் பலனைக் கேட்பது சிரமம். அதன் பாதகத்தை உங்கள்மேல் சுமத்துவதும் சிரமம். இந்த எண்கள் பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகள். புதிய தொழில் உறவுத் தொகுப்பில் எண்கள் மாறிவிட்டாலும் தொழிற்சாலையில் பேச்சு இன்னும் இப்படித்தான்.

ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லையென்றால் பேரம்தான். பேரத்தில் நான் பார்த்தவரை "கிரேடை உயர்த்து" என்று கேட்பதைவிட "அதே கிரேடில் முந்தைய பணியின் ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் ஓர் இன்கிரிமெண்ட் கொடு" என்று கேட்பது எளிதில் நடக்கிறது. கிரேடு உயர்த்தினால் ஏற்கெனவே நிரந்தரமாக இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், நிர்வாகம் அதையே சாக்காகக் காட்டும். இன்கிரிமெண்ட் யாருடைய வரிசையையும் கலைக்காது. நம் தொழிலாளிக்கு நேரடிப் பணி ஐந்தரை ஆண்டு, அந்தக் கணக்கில் இரண்டு இன்கிரிமெண்ட். அது அடிப்படைச் சம்பளத்தில் ஏறுவதால் பி.எஃப்., பணிக்கொடை எல்லாவற்றிலும் ஓய்வு வரை பேசும்.

பணிமூப்பு வேறு. பதவி உயர்வுக்கான மூப்பைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் நிரந்தரமான தேதியிலிருந்தே எண்ணுகின்றன. எனவேதான் 2022 மே 1 என்ற தேதிக்கு மதிப்பு. ஒரே நாளில் நாற்பது பேரை நிரந்தரமாக்கினால் அவர்களுக்குள் யார் முன்னே என்பதையும் எழுதி வாங்குங்கள், தற்காலிக மஸ்டரில் சேர்ந்த வரிசைதான் நியாயம். அகரவரிசையில் போட்டுவிட்டுப் போகும் நிர்வாகங்கள் உண்டு. பெயர் "வ"வில் தொடங்குபவர் இருபது ஆண்டு கழித்து அதன் பலனை அனுபவிப்பார்.

"புதுச் சம்பளம் 26,000 என்றார்கள். கையில் வருவது அவ்வளவு இல்லையே?"

பிடித்தம் கூடியிருக்கும். முன்பு பி.எஃப்.ஐ 15,000 வரம்புக்குள் கணக்கிட்டு 1,800 பிடித்தார்கள். இப்போது 22,000க்கும் 12 சதவீதம் பிடித்தால் 2,640. கம்பெனியும் அதே அளவு போடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் முழு ஊதியத்துக்கும் கட்டி, கம்பெனி 15,000க்கு மட்டும் கட்டுவதும் நடக்கிறது. கேன்டீன், பஸ், சங்கச் சந்தா எல்லாம் இதற்கு மேல்.

போனஸையும் மறக்க வேண்டாம். 21,000க்கு மேல் ஊதியம் வாங்குபவருக்குச் சட்டப்படியான போனஸ் இல்லை. தற்காலிகமாக இருந்தபோது கிடைத்த குறைந்தபட்ச 8.33 சதவீதம் நின்றுபோய், தீபாவளிக்கு வருவது ஒப்பந்தப்படியான கருணைத்தொகையாக மாறிவிடும். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"சேர்ந்திருக்கும் விடுப்பு?"

அதே கம்பெனியில் தொடருவதால் விடுப்புக் கணக்கும் தொடர வேண்டும். "பூஜ்யத்திலிருந்து" என்றால் மார்ச் 31 வரை சேர்ந்ததைப் பணமாகக் கேளுங்கள்.

"நிரந்தரம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று போட்டிருக்கிறார்கள்."

தகுதிகாண் பருவம் என்பது ஆளைத் தெரியாதபோது வைப்பது. ஐந்தரை ஆண்டு பார்த்த ஆளை என்ன சோதிக்கப் போகிறார்கள்? 480 நாள் முடித்தவர் நிரந்தரம் என்று சட்டம் சொல்லும்போது அவரை மறுபடி சோதனையில் வைப்பது அதன் நோக்கத்துக்கே முரண். அந்தப் பத்தியை நீக்கக் கேளுங்கள். நீக்காவிட்டால் ஆணையைப் பெற்றுக்கொண்டு, "480 நாள் முடித்தவன் என்பதால் தகுதிகாண் நிபந்தனை எனக்குப் பொருந்தாது" என்று ஒரு கடிதம் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாதத்தில் "திருப்தி இல்லை" என்று நிறுத்தினால் அந்தக் கடிதம் பேசும்.

"அரசு அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கும் என் தங்கைக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

பொருந்தாது, அது வேறு பாதை. அங்கே நியமன விதிகளும் இடஒதுக்கீடும் உண்டு. விதிப்படி தேர்வாகாதவர் நீண்ட காலம் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006ல் உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. பல ஆண்டு நிரந்தரத் தன்மையுள்ள வேலையை வாங்கிக்கொண்டு அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடிக்கக்கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தும் இருக்கிறது. தங்கை தன் நியமன ஆணையோடு ஒரு பணிச்சட்ட வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

"2022லேயே நிரந்தரமாகியிருக்க வேண்டும் என்றால் அந்தத் தேதியை எங்கே கேட்பது?"

1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலாளி தொழிலாளர் பதிவேடு வைக்க வேண்டும். அதில் பெயர் விடுபட்டாலோ பதிவு தவறாக இருந்தாலோ விதி 6(4)ன்படி ஆய்வாளரிடம் முறையிடலாம். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை; கடை, உணவகம் என்றால் தொழிலாளர் துறை.

மனுவை நீளமாக எழுத வேண்டியதில்லை. சேர்ந்த நாள், டோக்கன் எண், மாதவாரியாக வேலை செய்த நாள்களின் பட்டியல், 480 நிறைந்த நாள், எந்தத் தேதியிலிருந்து நிரந்தரம் கோருகிறீர்கள் என்பது. மாதவாரிப் பட்டியல்தான் மனுவின் முதுகெலும்பு. அதற்குச் சம்பளச் சீட்டு சிறந்தது, அதில் வேலை நாள் அச்சாகியிருக்கும். சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்குப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் ஏறிய தொகையைத் தினக்கூலியால் வகுத்தால் தோராயமாக நாள் வரும், ஆனால் பிடித்தங்களைக் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கும் இ.எஸ்.ஐ. சந்தா விவரமும் துணைச் சாட்சி. இ.எஸ்.ஐ. பதிவில் மாதவாரியாக நாள் எண்ணிக்கையே இருக்கும், கம்பெனி தன் கையால் ஏற்றிய எண் அது. அதை மறுத்துப் பேசுவது நிர்வாகத்துக்குக் கடினம்.

ஊதியம் 21,000ஐத் தாண்டி இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறும் முன்பே அந்த விவரத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.